கப்பலில் ஒட்டும் அவசரகாலத் தாளைத் தமிழில் எழுதுவது எப்படி?

எழில்மொழி

வணக்கம். நான் மொழிபெயர்ப்பாளர், கடலில் வேலை பார்த்தவள் இல்லை. கிழக்குக் கடற்கரையில் நிலக்கரி ஏற்றி வரும் ஒரு சரக்குக் கப்பலுக்கு, அவசரத்தில் யார் எங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் மஸ்டர் லிஸ்ட் பக்கத்தில் ஒட்டும் அவசரகாலத் தாளைத் தமிழில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். டெக்கில் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள். இஞ்சின் ரூமில் வங்காளிகளும் ஒடியாக்காரர்களும் இருக்கிறார்களாம்.

கப்பலில் ஏற்கெனவே ஒரு தமிழ்த் தாள் ஒட்டியிருக்கிறது. யார் எழுதியது என்று தெரியவில்லை. அதை அப்படியே கீழே தருகிறேன்:

"அபாய ஒலி: ஏழுக்கும் மேற்பட்ட சிறிய ஒலிகளும் ஒரு பெரிய ஒலியும். இவ்வொலி கேட்டவுடன் கப்பலைக் கைவிடுவதற்காகப் படகுகளை நோக்கிச் செல்லவும். தீ அபாய ஒலி: தொடர் ஒலி. CO2 அபாய ஒலி: 20 விநாடிகளுக்குள் வெளியேறவும். ஆள் கடலில் விழுந்தால்: மூன்று ஒலிகள்."

படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத் தாளோடு வைத்துப் பார்த்தபோது சில இடங்கள் உறுத்துகின்றன. கடலில் இருப்பவர்கள் இதை எப்படிப் படிப்பீர்கள்?

கரையோரநாகை

அக்கா, இது ரொம்ப அவசியமான வேலை. நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் ஓட ஆரம்பித்ததிலிருந்து நானும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கரையிலும் தமிழ் பேசுகிறவர்கள்தான், அறிவிப்பைத் தமிழிலேயே சொன்னால் வயதானவர்களுக்கு எவ்வளவு வசதி. லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடுவது என்ற படத்துக்குக் கீழேயும் தமிழ் வேண்டும்.

செகண்ட்மேட்

தம்பி, நீங்கள் சொல்வது பயணிகளுக்கு. அங்கே கொடி நாடு கேட்கும் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸிலேயே இருக்கிறது. பயணிக்கு வேலை எதுவும் கிடையாது, சொன்ன இடத்தில் போய் நின்றால் போதும். எழில்மொழி கேட்பது க்ரூவுக்கான தாள். க்ரூவில் ஒருவர் ஹோஸ் பிடிக்க வேண்டும், ஒருவர் டேம்பர் மூட வேண்டும், ஒருவர் படகை இறக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தாள் கெட்டுவிடும்.

க்ரூ விஷயத்தில் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வேலை மொழி உண்டு, அது லாக் புக்கில் எழுதியிருக்கும். கப்பலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அந்த மொழியில் உத்தரவு புரிய வேண்டும், தேவைப்பட்டால் அதிலேயே பதிலும் சொல்லத் தெரிய வேண்டும். இந்தக் கப்பலில் அது ஆங்கிலமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் தமிழ்த் தாள் ஆங்கிலத் தாளுக்குப் பதிலாக வருவதில்லை, அதன் பக்கத்தில் துணையாக நிற்பது.

போசன்பாளை

எழில்மொழி, நீங்கள் அந்தத் தாளை இங்கே கொண்டுவந்தது நல்லதாகப் போயிற்று. நான் டெக் ஆட்களை மேய்க்கும் போசனாக இருந்து ஓய்வு பெற்றவன். முதல் இரண்டு வரியிலேயே பெரிய கோளாறு இருக்கிறது.

ஏழு குட்டை ஊதலும் ஒரு நீள ஊதலும் வந்தால் கப்பலைக் கைவிட வேண்டும் என்று அர்த்தம் கிடையாது. அது ஜெனரல் அலாரம். எல்லாரும் மஸ்டர் ஸ்டேஷனுக்கு வா, தலை எண்ணணும், அப்புறம் என்ன செய்வது என்று சொல்வோம், அவ்வளவுதான். கப்பலைக் கைவிடும் உத்தரவு தனி. அது எப்படி வரும் என்று மஸ்டர் லிஸ்டிலேயே எழுதியிருக்க வேண்டும். நான் இருந்த கப்பல்களில் எல்லாம் கேப்டன் வாயால் சொல்வதுதான். இந்தத் தாளைப் படித்த பையன் நிஜமாகத் தீப்பிடித்து அலாரம் அடிக்கும்போது என்ன செய்வான்? படகுக்கு ஓடுவான், படகைக் கட்டியிருக்கும் கிரைப்பை அவிழ்ப்பான். இங்கே ஹோஸ் பிடிக்க ஆள் இருக்காது. எண்ணும்போது ஒரு தலை குறையும். அவனைத் தேடி இரண்டு பேர் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு புகைக்குள் போக வேண்டி வரும்.

அடுத்து, "ஏழுக்கும் மேற்பட்ட" என்றால் எட்டிலிருந்து ஆரம்பம். ஆங்கிலத்தில் ஏழு அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறது. தமிழில் "குறைந்தது ஏழு" என்று போட்டால் முடிந்தது. நிஜத்தில் யாரும் எண்ணிக்கொண்டு நிற்பதில்லை, அந்த அலாரம் ஆஃப் செய்யும்வரை திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் இருப்பவனுக்கும் அந்தத் தாளம் காதில் விழுந்தால் போதும்.

தென்றல்தமிழ்

போசன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு விண்ணப்பம். ஜெனரல் அலாரம், மஸ்டர் ஸ்டேஷன், அபாண்டன் ஷிப் என்று எல்லாவற்றையும் ஆங்கிலமாகவே விட்டால் மொழிபெயர்ப்பு எதற்கு? பொது அவசர ஒலி, கூடுமிடம், கப்பல் துறப்பு என்று அழகாகச் சொல்லலாமே. குட்டை, நீளம் என்பதற்குக் குறில், நெடில் என்றே சொல்லலாம், பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். ஏழு குறில், ஒரு நெடில். மறக்கவே மறக்காது.

ஃபோர்த்இஞ்சினியர்

குறில் நெடில் எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பில் சொல்லிக்கொடுக்க நல்ல வழி. கப்பல் ஹார்னில் குட்டை என்றால் ஒரு விநாடி மாதிரி, நீளம் என்றால் நாலிலிருந்து ஆறு விநாடி. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று படித்தவன் நெடிலை அதைவிட நன்றாக இழுக்க வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பீக்கரில் வரப்போவது "அபாண்டன் ஷிப்" என்ற சத்தம். தாளில் "கப்பல் துறப்பு" என்று மட்டும் இருந்தால், காதில் விழுந்ததும் கண் பார்த்ததும் சேராது. தமிழிலேயே அறிவிக்கலாம் என்றால், என்னோடு இஞ்சின் ரூமில் இருக்கும் மோட்டார்மேன் கொல்கத்தாக்காரர், அவருக்கு என்ன புரியும்? கூப்பிடும் வார்த்தை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும், அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, என்ன செய்ய வேண்டும் என்பதை நல்ல தமிழில் விளக்குவோம்.

நான் சொல்ல வந்தது, தீயை அணைக்க இஞ்சின் ரூமில் திறந்துவிடும் CO2 வாயுவைப் பற்றி. அந்தத் தாளில் மூன்று இடத்தில் "அபாய ஒலி" என்றே போட்டிருக்கிறார்கள். மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. ஜெனரல் அலாரத்துக்கு மஸ்டர் ஸ்டேஷன். ஃபயர் அலாரத்துக்கு மஸ்டர் லிஸ்டில் உன் பேருக்கு நேராக இருக்கும் வேலை. CO2 அலாரத்துக்கு இஞ்சின் ரூமை விட்டு உடனே வெளியே. இஞ்சின் ரூமில் காதடைப்பான் போட்டிருப்போம், சைரனோடு விளக்கும் சுழலும். அதைப் பார்த்து "ஏதோ அபாய ஒலி" என்று நினைத்து ஒருவன் தீயணைக்கும் சிலிண்டரைத் தேடிக்கொண்டு உள்ளேயே நின்றால் அவன் உயிர் போய்விடும். தீயை அணைக்க அந்த இடத்தின் கொள்ளளவில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதத்துக்கு வாயுவை நிரப்புவார்கள், அதில் மனிதன் தாங்க மாட்டான்.

"20 விநாடிகளுக்குள்" என்பதும் தப்பு. விதியில் இருக்கும் 20 விநாடி, அலாரம் அடித்ததற்கும் வாயு திறப்பதற்கும் நடுவில் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய இடைவெளி. சிஸ்டத்தைக் கட்டுகிறவனுக்கான கணக்கு அது. ஆளுக்குச் சொல்ல வேண்டியது "இப்போதே வெளியே" என்பதுதான். தாளில் 20 என்று பார்த்தால், டூல்ஸை எடுத்துவிட்டுப் போகலாம், நேரம் இருக்கிறது என்று ஒருத்தன் நினைப்பான்.

தோணித்துறை

அண்ணாச்சிமார்களே, நான் தூத்துக்குடித் தோணிக்காரன் மகன். எங்கப்பா மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிற தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். எங்களுக்கும் இந்தத் தாளைக் கொடுத்தால் நல்லது. எங்கள் தோணியில் ஸ்பீக்கர் கிடையாது. காற்றடிக்கும்போது அப்பா கத்துவது பாதி கேட்கும், பாதி காற்றோடு போகும். "பாயை இறக்காதே" என்று அவர் கத்த, எங்க சித்தப்பா காதில் "பாயை இறக்" என்பது வரைக்கும் விழுந்து, கயிற்றை அவிழ்த்துவிட்டார். அதிலிருந்து அப்பா "வேண்டாம் வேண்டாம்" என்று முதலில் கத்திவிட்டுத்தான் மீதியைச் சொல்வார்.

போசன்பாளை

தோணித்துறை தம்பி, இந்தத் தாள் உங்கள் தோணிக்குப் பொருந்தாது. உங்களிடம் CO2 அறை இல்லை, டேவிட் என்ற தூக்கியில் தொங்கும் படகு இல்லை, ஆளும் குறைவு. உங்களுக்கு வேறு மாதிரி எழுத வேண்டும், அதற்குத் தனியாகக் கேளுங்கள்.

ஆனால் உங்கப்பா கண்டுபிடித்த விஷயம் இந்த இழைக்கே ரொம்ப முக்கியம். தமிழில் "ஆதே", "கூடாது", "வேண்டாம்" எல்லாம் வார்த்தைக் கடைசியில் வந்து ஒட்டும். ஆங்கிலத்தில் "டோன்ட்" முதலிலேயே வந்துவிடும், மீதி கேட்காவிட்டாலும் கை நின்றுவிடும். சத்தத்தில் வாக்கியத்தின் வால் அறுந்தால் தமிழில் தடை உத்தரவு, செய் என்ற உத்தரவாக மாறிவிடுகிறது. வாக்கி டாக்கியில் இதைவிட மோசம், பட்டனைச் சீக்கிரம் விட்டால் கடைசி எழுத்து போய்விடும்.

படகு ஹூக்கை எடுத்துக்கொள்ளுங்கள். படகு இரண்டு ஹூக்கில் தொங்குகிறது. தண்ணீரில் மிதந்த பிறகுதான் லீவரை இழுத்துக் கழற்ற வேண்டும். பாதி உயரத்தில் கழன்று படகு விழுந்து டிரில்லிலேயே ஆட்கள் செத்திருக்கிறார்கள், பல கொடிக் கப்பல்களில் நடந்திருக்கிறது. அதனால்தான் 2011க்குப் பிறகு பழைய ஹூக்குகளை எல்லாம் சோதித்து, தேறாததை மாற்றச் சொன்னார்கள். இந்த இடத்தில் "விடு" என்ற சொல்லைப் பயன்படுத்தவே கூடாது என்பேன். "ஹூக்கை விடு" என்றால் கழற்று என்றும் புரியும், தொடாமல் விட்டுவிடு என்றும் புரியும். "படகை இறக்கிவிடு", "கயிற்றை விடு", "அதை விட்டுவிடு" என்று எல்லாவற்றிலும் அந்த "விடு" வருகிறது. ஹூக்குக்கு "கழற்று" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் அந்தச் சொல் வரக் கூடாது. நிறுத்தச் சொல்ல "கழற்றாதே" என்று கத்தாதீர்கள், "ஸ்டாப், லீவரில் கை வைக்காதே" என்று சொல்லுங்கள். ஸ்டாப் கேட்டாலே போதும், மீதி கேட்டால் நல்லது.

எழில்மொழி

இது நான் எந்த அகராதியிலும் பார்க்க முடியாத விஷயம், நன்றி ஐயா. கழற்று, கழற்றாதே இரண்டுக்கும் முதல் பாதி ஒன்றுதான் என்று நீங்கள் சொன்னதும் மற்ற வரிகளையும் அப்படியே பார்க்க ஆரம்பித்தேன். "லிஃப்டைப் பயன்படுத்தாதே" என்று ஒரு வரி இருக்கிறது. அதை "படியில் மட்டும் போ" என்று மாற்றினால் தடையே தேவைப்படாது. "கதவைத் திறக்காதே" என்பதை "கதவு மூடியே இருக்கட்டும்" என்று எழுதலாம்.

இன்னொன்று கேட்க வேண்டும். "படகு தண்ணீரில் மிதக்கும்வரை லீவரைத் தொடாதே" என்று எழுதினால் நிபந்தனை முதலில் வந்துவிடுகிறதே, அது நல்லதுதானே?

போசன்பாளை

தாளில் நல்லது. நிதானமாகப் படிக்கிறவன் முதலில் தண்ணீரைப் பார்ப்பான், அப்புறம்தான் லீவர் பக்கம் போவான். கத்தும்போது அவ்வளவு நீளம் வேண்டாம். தாளுக்கு ஒரு தமிழ், கத்துவதற்கு ஒரு தமிழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செகண்ட்மேட்

"ஆள் கடலில் விழுந்தால் மூன்று ஒலிகள்" என்ற வரியையும் யாரும் விட்டுவிட வேண்டாம். பல கப்பல்களில் அதற்கு மூன்று நீள ஊதல். "நீள" என்ற சொல் இல்லையென்றால் தாள் பொய் சொல்கிறது, ஏனென்றால் மூன்று குட்டை ஊதல் என்றால் மோதல் தடுப்பு விதிப்படி என் இஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது என்று பக்கத்துக் கப்பலுக்குச் சொல்வது. துறைமுகத்தில் அது அடிக்கடி கேட்கும். புதிதாக வந்தவன் ஒவ்வொரு தடவையும் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடுவான், நாலு தடவை ஏமாந்தபின் நிஜமாக விழும்போது ஓட மாட்டான்.

ஜெனரல் அலாரம் எல்லாக் கப்பலுக்கும் பொது. ஃபயர் அலாரமும் ஆள் விழுந்ததற்கான ஒலியும் அப்படி இல்லை, அந்தந்தக் கப்பலின் மஸ்டர் லிஸ்டில் என்ன இருக்கிறதோ அதுதான். வேறு கப்பல் தாளைப் பார்த்து எழுதிவிடாதீர்கள் எழில்மொழி, இந்தக் கப்பலின் லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

தென்றல்தமிழ்

சரி, கூப்பிடும் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போர்ட், ஸ்டார்போர்டு? இடப்பக்கம், வலப்பக்கம் என்றால் யாருக்குத்தான் புரியாது?

போசன்பாளை

புரியும் ஐயா, ஆனால் யாருடைய இடப்பக்கம்? நான் கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்து நின்றால் என் இடது கை ஸ்டார்போர்டு பக்கம். போர்ட் என்றால் நான் எப்படித் திரும்பி நின்றாலும் ஒரே பக்கம்தான், அந்தப் பக்கத்துப் படகில்தான் என் பேர் இருக்கும்.

தோணித்துறை

கப்பலின் முன்பக்கத்தைச் சொல்லும் ஃபார்வர்டுக்கு அணியம் என்று போடலாமே அண்ணாச்சி. கரையோரப் பையன்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஃபோர்த்இஞ்சினியர்

கரையோரப் பையன்களுக்குத் தெரியும். என்னோடு படித்த சேலத்துக்காரனுக்கு அணியம் என்றால் என்ன என்று தெரியாது, அவனுக்கு ஃபார்வர்டுதான் பழக்கம்.

போசன்பாளை

நான் அணியம் பக்கம். சின்ன வயதிலிருந்து வாயில் வந்த சொல், பதற்றத்தில் அதுதான் வரும். ஆனால் ஃபோர்த் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கப்பலில் இருக்கும் ஆட்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

எழில்மொழி

இதுவரை சொன்னதை வைத்து ஜெனரல் அலாரத்துக்கு மட்டும் எழுதிப் பார்த்தேன்:

"ஜெனரல் அலாரம்
சத்தம்: குறைந்தது ஏழு குட்டை ஊதல், உடனே ஒரு நீள ஊதல். ஹார்னிலும் மணியிலும் கேட்கும். நிறுத்தும்வரை திரும்பத் திரும்ப வரும்.
முழுக்கை உடையும் ஷூவும் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புகை இல்லாத வழியாகப் படியில் போங்கள். உங்கள் மஸ்டர் ஸ்டேஷனில் நில்லுங்கள். பேர் கூப்பிடும்போது சத்தமாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அங்கேயே இருங்கள்.
கப்பலைக் கைவிடும் உத்தரவு தனி. அதைக் கேப்டன் தன் வாயால் சொல்வார்: அபாண்டன் ஷிப்."

கடைசி வரியை இந்தக் கப்பலின் லிஸ்டோடு சரிபார்த்த பிறகே வைப்பேன். "கதகதப்பான உடை" என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. வங்காள விரிகுடா வெயிலில் அது எதற்கு என்று தோன்றியதால் முழுக்கை உடை என்று மாற்றினேன், சரியா?

போசன்பாளை

முழுக்கை உடை என்பது நல்ல மாற்றம், ஆனால் "முழுக்கை உடை, மேலே இன்னொரு சட்டை" என்று சேருங்கள். நம் கடல் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் உடம்பைவிடக் குளிர்ச்சிதான். ராத்திரி முழுக்க மிதந்தால் உடம்பு சூடு இறங்கிவிடும். பகலில் ராஃப்டில் உட்கார்ந்தால் வெயில் தோலை உரிக்கும். இரண்டுக்கும் துணிதான் காப்பு.

மஸ்டர் ஸ்டேஷனும் படகில் ஏறுமிடமும் அந்தக் கப்பலில் ஒரே இடமா என்று கேளுங்கள். வேறு வேறாக இருந்தால் "கூடுமிடம்" என்ற ஒரு சொல்லை இரண்டுக்கும் போட்டுவிட வேண்டாம்.

செகண்ட்மேட்

"போடுங்கள்" என்பதா "போடவும்" என்பதா என்று எங்கள் கப்பலில் ஒரு சண்டையே நடந்தது. "போடவும்" ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது, யாரோ யாருக்கோ சொல்வது போல. "போடுங்கள்" நேராக ஆளைப் பார்த்துப் பேசுகிறது. கத்தும்போது "போடு"தான், அங்கே மரியாதை பார்க்க நேரமில்லை.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மாதம் ஒரு முறை ஃபயர் டிரில்லும் அபாண்டன் ஷிப் டிரில்லும் எப்படியும் நடக்கும். அதற்கு முந்தின நாள் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் இந்தத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். புரிந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "இப்போது இந்த அலாரம் அடித்துவிட்டது, நடந்து காட்டு" என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் கேபினிலிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறார், லைஃப் ஜாக்கெட்டை எடுக்கிறாரா, எங்கே போய் நிற்கிறார் என்று பார்த்தால் எந்த வரி வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும். CO2 வரியை இஞ்சின் ரூம் ஆட்களை வைத்துத் தனியாகப் பாருங்கள்.

ஃபோர்த்இஞ்சினியர்

CO2வுக்கு என் பரிந்துரை: "CO2 சைரன், சுழலும் விளக்கு: இஞ்சின் ரூமை விட்டு இப்போதே வெளியேறுங்கள். கையில் இருப்பதைப் போட்டுவிடுங்கள். கதவை மூடுங்கள். மஸ்டர் ஸ்டேஷனில் பேர் கொடுங்கள்." பேர் கொடுப்பது கட்டாயம் இருக்க வேண்டும், எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று எண்ணித் தெரிந்த பிறகுதான் கேப்டன் வாயுவைத் திறக்கச் சொல்வார்.

எழில்மொழி

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கப்பலின் மஸ்டர் லிஸ்டைக் கேட்டு மெயில் போட்டிருக்கிறேன். இஞ்சின் ரூம் ஆட்களுக்கு வங்காளத்திலும் ஒடியாவிலும் தாள் இருக்கிறதா என்றும் கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை. யாருக்காவது அந்த மொழிகளில் இப்படி எழுதிய தாள் கிடைத்தால் சொல்லுங்கள், அங்கேயும் தடை கடைசியில்தான் வருமா என்று அறிய ஆசை.

போசன்பாளை

ஒன்று விட்டுப்போயிற்று. தாளின் அடியில் எந்த மஸ்டர் லிஸ்டைப் பார்த்து எழுதியது, அந்த லிஸ்டின் தேதி என்ன என்று போடுங்கள். க்ரூ மாறினால் லிஸ்டைத் திருத்துவார்கள், பக்கத்திலிருக்கும் தமிழ்த் தாளை மாற்ற மறந்துவிடுவார்கள். தேதி பொருந்தாவிட்டால் சீஃப் மேட் கண்ணில் படும்.